0–10 வோல்ட்டில் ஒரு எச்.பி. பம்பு: டிரைவ் கட்டுவது முதல் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது வரை

பம்பின் வேகத்தை 0–10 வோல்ட் சிக்னலால் மாற்றுவது பார்வைக்கு இரண்டு ஒயர் வேலை. பி.எல்.சி.யில் இருந்து ஒரு சிக்னல் ஒயர், ஒரு காமன் ஒயர். அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம். கட்டி முடித்த பிறகு இரண்டு நாளைத் தின்பது வேறு கேள்வி: சிக்னல் 0 வோல்ட்டில் இருக்கும்போது பம்பு என்ன செய்ய வேண்டும்? நிற்க வேண்டுமா, மெதுவாக ஓட வேண்டுமா? ஒயர் அறுந்தாலும் டிரைவுக்கு 0 வோல்ட்தானே தெரியும், அப்போது?

இதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும். நான் கட்டிய ஒரு சின்ன பம்பை வைத்தே சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு குடிநீர் கேன் நிரப்பும் கூடம். கீழ்த் தொட்டியில் இருந்து சுத்திகரித்த தண்ணீரை மேலே உள்ள தொட்டிக்கு ஏற்றும் ஒரு எச்.பி. பம்பு. மேல் தொட்டியின் மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கேன் நிரப்பும் குழாயில் அழுத்தம் ஏறி இறங்கும். மட்டத்தைப் பார்த்து பி.எல்.சி. 0–10 வோல்ட் கொடுக்கும். டிரைவ் அதைப் பார்த்து பம்பின் வேகத்தை மாற்றும். அந்தக் கூடத்தில் இருந்தது சிங்கிள் பேஸ் 230 வோல்ட் மட்டும்.

முதலில் மோட்டாரைப் பாருங்கள்

வீட்டுக்கு வாங்கும் ஒரு எச்.பி. பம்புகளில் பெரும்பாலானவை கெபாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டார். அவற்றை இந்த டிரைவில் மாட்ட முடியாது. டிரைவின் உள்ளே வருவது சிங்கிள் பேஸாக இருந்தாலும் வெளியே போவது மூன்று பேஸ். அதற்கு மூன்று பேஸ் மோட்டார்தான் வேண்டும். மோட்டாரின் முதுகில் கெபாசிட்டர் டப்பா இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பம்பை மாற்றுவதுதான் வழி.

மூன்று பேஸ் மோட்டார் என்றாலும் இன்னொரு கண்ணி உண்டு. நம் ஊர்ச் சின்ன மோட்டார்கள் 415 வோல்ட்டுக்காக ஸ்டாரில் கட்டப்பட்டு வரும். 230 வோல்ட் எடுக்கும் டிரைவ் 230 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது. ஸ்டாரில் இருக்கும் மோட்டாரை அப்படியே மாட்டினால் ஓடும், ஆனால் பலம் இருக்காது. சுமை ஏறினால் கரண்ட் ஏறும், சூடாகும், டிரைவ் டிரிப் ஆகும். மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும்.

மோட்டாரின் தகட்டில் `240/415 V`, `3.1/1.8 A` என்பதுபோல் இரண்டிரண்டு எண்கள் இருந்தால் வேலை எளிது. டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு போல்ட் இருக்கும். மூன்று போல்ட்டை ஒரே வரிசையாக இணைக்கும் பித்தளைப் பட்டை இருந்தால் அது ஸ்டார். அதைக் கழற்றி, மேல் போல்ட்டையும் கீழ் போல்ட்டையும் சோடி சோடியாக நேராக இணைத்தால் டெல்டா. பெட்டியில் மூன்றே ஒயர்தான் வெளியே வருகிறது என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளேயே போடப்பட்டிருக்கிறது. அதை வெளியே எடுக்க ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். அல்லது 415 வோல்ட் லைனும் 415 வோல்ட் டிரைவும் வேண்டும்.

டெல்டாவுக்கு மாற்றியதும் மோட்டாரின் முழுச் சுமைக் கரண்ட் 1.8 ஆம்பியர் அல்ல, 3.1 ஆம்பியர். டிரைவ் வாங்கும்போது எச்.பி.யை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணோடு டிரைவின் அவுட்புட் ஆம்பியரை ஒப்பிடுங்கள். நான் போட்டது டெல்டா கம்பெனியின் `VFD007EL21A`. (கம்பெனி பெயரும் டெல்டா, இணைப்பின் பெயரும் டெல்டா, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதன் அவுட்புட் 4.2 ஆம்பியர், தாராளம். கீழே வரும் பேராமீட்டர் எண்கள் இந்த `VFD-EL` வரிசைக்கானவை. வேறு டிரைவில் எண் மாறும், அமைக்க வேண்டிய சங்கதி மாறாது.

பவர் பக்கம்

230 வோல்ட் உள்ளே வருவது `R`, `S` டெர்மினல்களில். மோட்டாருக்குப் போவது `U`, `V`, `W`. வரும் லைனைத் தவறி `U`, `V`, `W`-வில் கொடுத்தால் டிரைவ் அந்த நொடியே போய்விடும். மோட்டாரை ஆன், ஆஃப் செய்ய டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் போடாதீர்கள், கெபாசிட்டரும் கூடாது. மோட்டாரின் உடலில் இருந்து எர்த் ஒயர் நேராக டிரைவின் எர்த் போல்ட்டுக்கு வரட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக லைன் வந்தால் சும்மாவே டிரிப் ஆகலாம். பழுது இல்லாதபோதும் டிரைவில் இருந்து எர்த்துக்குக் கொஞ்சம் கசிவுக் கரண்ட் போகும் என்பதுதான் காரணம்.

பவரை அணைத்த உடனே மூடியைத் திறந்து கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 325 வோல்ட் டி.சி. நிற்கும். பத்து நிமிடம் விடுங்கள், விளக்கு அணைந்ததா என்று பாருங்கள், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சிக்னல் இல்லாமல் முதல் ஓட்டம்

0–10 வோல்ட்டை இன்னும் தொட வேண்டாம். முதலில் டிரைவின் கீபேடிலேயே பம்பை ஓட்டிப் பாருங்கள். பவர் கொடுத்ததும் முதல் வேலை `00.02`-ல் 9 கொடுப்பது. பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்து 50 ஹெர்ட்ஸ் அடிப்படைக்கு வந்துவிடும். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பெட்டியில் இருந்து எடுக்கும்போது இந்த டிரைவின் உச்ச வேகம் 60 ஹெர்ட்ஸில் இருக்கும். அப்படியே விட்டால் 10 வோல்ட் வரும்போது பம்பு 60 ஹெர்ட்ஸில் ஓடும். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் பம்பு இழுக்கும் பவர் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுவதால் 1.2 × 1.2 × 1.2, அதாவது ஏறக்குறைய 1.7 மடங்கு ஆகிவிடும். ஒரு எச்.பி. மோட்டாரில் ஒன்றே முக்கால் எச்.பி. சுமை. கீழே டம்ளரில் பிடித்துப் பார்ப்பவருக்கு "நல்லா வருதே" என்று தோன்றும், மோட்டார் வெந்துகொண்டிருக்கும்.

```
00.02 = 9       50 Hz reset
01.00 = 50.00   உச்ச ஹெர்ட்ஸ்
01.01 = 50.00   அடிப்படை ஹெர்ட்ஸ்
01.02 = 230.0   உச்ச வோல்ட்
01.09 = 5.0     வேகம் ஏறும் நொடி
01.10 = 8.0     வேகம் இறங்கும் நொடி
02.00 = 0       வேகம்: இப்போதைக்குக் கீபேடு
02.01 = 0       ஓட, நிற்க: இப்போதைக்குக் கீபேடு
02.04 = 1       ரிவர்ஸ் வேண்டாம்
06.06 = 0       மோட்டார் சூட்டுப் பாதுகாப்பு
07.00 = 3.1     மோட்டார் ஆம்பியர்
```

`07.00`-ல் டெல்டா ஆம்பியரைத்தான் கொடுக்க வேண்டும். தகட்டில் உள்ள ஸ்டார் ஆம்பியரான 1.8-ஐக் கொடுத்தால் நல்ல மோட்டாரையே ஓவர்லோட் என்று டிரைவ் நிறுத்திக்கொண்டிருக்கும்.

இப்போது கீபேடில் 50 ஹெர்ட்ஸ் வைத்து ஓட்டுங்கள். மோட்டாரின் விசிறி பம்பில் போட்டிருக்கும் அம்புக்குறியின் பக்கமாகச் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். தண்ணீர் வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்: சென்ட்ரிஃபியூகல் பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் கொஞ்சம் வரத்தான் செய்யும், அழுத்தம்தான் இருக்காது. திசை தப்பு என்றால் பவரை அணைத்து, பத்து நிமிடம் விட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்றில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போடுங்கள்.

எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே தண்ணீர் ஏறாது?

இந்த வேலையின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது, பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். முதல் தடவை நானும் தாண்டினேன். 0 வோல்ட்டுக்கு 0 ஹெர்ட்ஸ், 10 வோல்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ் என்று கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போன்: "அண்ணே, மோட்டார் ஓடுது, சத்தம் கேக்குது, தண்ணி ஏறல." போய்ப் பார்த்தால் பி.எல்.சி. 5 வோல்ட் கொடுக்கிறது, டிரைவ் சொன்னபடி 25 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறது. யார் மேலும் தப்பில்லை. அந்த வேகத்தில் அந்தப் பம்பால் தண்ணீரை மேல் தொட்டி வரை தள்ள முடியாது, அவ்வளவுதான்.

பம்பு தள்ளக்கூடிய உயரம் வேகத்தின் இரண்டாம் அடுக்கில் மாறும். வேகம் பாதியானால் உயரம் கால்வாசி. எனவே இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஒன்று, தண்ணீர் ஏற வேண்டிய உயரம்: கீழ்த் தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் இருந்து மேல் தொட்டியில் குழாய் கொட்டும் வாய் வரை. இங்கே 8 மீட்டர். மற்றது, டெலிவரி வால்வை முழுக்க மூடினால் பம்பு எத்தனை மீட்டர் காட்டும் என்பது. இதற்குக் கேட்லாக் தேட வேண்டியதில்லை. பம்புக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு பிரஷர் கேஜ் போட்டு, 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது வால்வைச் சில நொடி மட்டும் மூடிப் பாருங்கள். எனக்கு 2 கிலோ காட்டியது. 1 கிலோவுக்கு 10 மீட்டர் என்றால் 20 மீட்டர். (கீழ்த் தொட்டியின் மட்டம் பம்புக்குப் பக்கத்திலேயே இருந்ததால் உறிஞ்சும் பக்கத்துக்கு நான் எதுவும் கூட்டவில்லை.)

```
50 × √(8 ÷ 20) = 31.6 Hz
```

31.6 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தப் பம்பு எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒரு சொட்டு மேலே போகாது. பம்புக்குள்ளேயே அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும், பிறகு சீல் போகும். கணக்கை நம்பாமல் கையால் பாருங்கள்: கீபேடில் 28-ல் தொடங்கி ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி, மேலே குழாய் வாயில் ஒருவரை நிற்கவைத்துக் கேளுங்கள். எங்களுக்கு 33-ல் நூல்போல ஒழுகத் தொடங்கியது, 35-ல் நம்பிக்கையான ஓட்டம் வந்தது. ஆகவே இந்தப் பம்பின் உருப்படியான வேகம் 35-ல் இருந்து 50 வரை, வெறும் 15 ஹெர்ட்ஸ்.

"40 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கரண்ட் செலவு பாதியாகிவிடும்" என்று டிரைவ் விற்பவர்கள் சொல்லும் கணக்கு, தண்ணீர் உயரம் ஏறாமல் வெறுமனே சுற்றி வரும் குழாய்களுக்குத்தான் அப்படியே பொருந்தும். இங்கே உயரத்துக்கே பெரும்பகுதி போய்விடுவதால் மிச்சம் அவ்வளவு இருக்காது.

சரி, இப்போது சிக்னலை அந்த 15 ஹெர்ட்ஸுக்குள் விரிக்கலாம்.

```
04.11 = 0.0     குறைந்த வோல்ட்
04.12 = 70.0    அப்போது 50-ல் 70% = 35 Hz
04.13 = 10.0    உயர்ந்த வோல்ட்
04.14 = 100.0   அப்போது 50 Hz
02.00 = 1       வேகம்: AVI 0-10 V
02.01 = 1       ஓட, நிற்க: வெளி டெர்மினல்
```

இனி 1 வோல்ட்டுக்கு 1.5 ஹெர்ட்ஸ். 0 வோல்ட்டில் 35, 2 வோல்ட்டில் 38, 5 வோல்ட்டில் 42.5, 10 வோல்ட்டில் 50. இப்படி விரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: பி.எல்.சி.யின் முழு வீச்சும் பயனுள்ள வேகத்துக்கே போகிறது, பாதிக்கு மேல் வீணாவதில்லை.

ஆனால் இதனால் ஒன்று கட்டாயமாகிறது. 0 வோல்ட் என்பது இனி "நில்" அல்ல, "35-ல் ஓடு". நிறுத்துவதற்குத் தனிக் கட்டளை வேண்டும். பி.எல்.சி.யின் ஒரு ரிலே கான்டாக்டை `MI1`, `DCM` இரண்டுக்கும் நடுவே போடுங்கள். கான்டாக்ட் மூடினால் ஓடும், திறந்தால் நிற்கும். அங்கே வெளியில் இருந்து எந்த வோல்ட்டும் கொடுக்க வேண்டியதில்லை, வெறும் கான்டாக்ட் போதும். கரண்ட் போய் வரும்போது அந்தக் கான்டாக்ட் மூடியே இருந்தால் பம்பு தானாகக் கிளம்புகிறதா என்பதையும் ஒரு தடவை லைனை அணைத்துப் போட்டுச் சோதித்துவிடுங்கள். பக்கத்தில் ஆள் வேலை செய்யும் இடம் என்றால் தானாகக் கிளம்பாதபடி பி.எல்.சி.யிலேயே தடுத்துவிடுவது நல்லது.

சிக்னல் ஒயர்

பி.எல்.சி.க்கு முன்னால் ஒரு 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டரை வைத்துச் சோதிப்பேன். டிரைவிலேயே `+10V` டெர்மினல் இருக்கிறது. பொட்டின் ஒரு ஓரம் அதற்கு, மறு ஓரம் `ACM`-க்கு, நடுக்கால் `AVI`-க்கு. திருப்பினால் டிஸ்பிளேயில் `F` என்று வரும் எண் 35-க்கும் 50-க்கும் நடுவே நகர வேண்டும். `F` என்பது கேட்ட வேகம், `H` என்பது உண்மையில் போய்க்கொண்டிருக்கும் வேகம். பொட்டில் சரியாக நகர்ந்தால் டிரைவ் பக்கம் முடிந்தது. பிறகு வரும் தகராறு எதுவானாலும் பி.எல்.சி.யிலோ ஒயரிலோதான்.

பி.எல்.சி.யை மாட்டும்போது `+10V` டெர்மினலை விட்டுவிடுங்கள். அது டிரைவ் வெளியே கொடுக்கும் சப்ளை, பி.எல்.சி. சிக்னல் அங்கே வரக் கூடாது. அனலாக் அவுட்புட்டின் பிளஸ் `AVI`-க்கு, அதன் காமன் `ACM`-க்கு. காமன் ஒயரை "எர்த்தில்தான் எல்லாம் சேருகிறதே" என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அளவு நிலையாகவே நிற்காது. சீமென்ஸ் `S7-1200` போன்ற பி.எல்.சி.யில் 27648 என்ற எண் அனுப்பினால் 10 வோல்ட், 13824 அனுப்பினால் 5 வோல்ட் வரும். முதலில் இந்த எண்களைக் கையால் போட்டு, `AVI`-க்கும் `ACM`-க்கும் நடுவே மீட்டரில் வோல்ட்டையும் டிஸ்பிளேயில் ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒயர் முறுக்கிய சோடியாக, ஷீல்டு போட்டதாக இருக்கட்டும். ஷீல்டை டிரைவ் பக்கம் மட்டும் எர்த் செய்து, பி.எல்.சி. முனையில் வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். மோட்டார் கேபிளில் இருந்து ஒரு அடி தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்குறுக்காகக் கடக்கட்டும். இரண்டையும் ஒரே பைப்பில் இழுத்தால் என்ன ஆகும் என்பதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். மோட்டார் நிற்கும்போது `F` அசையாமல் நிற்கும், ஓடத் தொடங்கியதும் ஒன்று இரண்டு ஹெர்ட்ஸ் ஆடும். அப்படிக் கண்டால் பேராமீட்டரில் தேடாதீர்கள், ஒயர் போகும் பாதையை மாற்றுங்கள். தூரம் இருபது முப்பது மீட்டரைத் தாண்டினால் 0–10 வோல்ட்டை விட்டுவிட்டு 4–20 மில்லி ஆம்பியருக்குப் போவதுதான் புத்தி.

என்னை அதிக நேரம் அலைக்கழித்த தகராறு வேறு. பி.எல்.சி.யில் 10 வோல்ட் போட்டிருக்கிறேன், டிரைவில் வேகம் பாதிதான் ஏறுகிறது. மீட்டரை வைத்தால் `AVI`-ல் 5 வோல்ட்டுக்குக் கீழே. பி.எல்.சி. கார்டு போய்விட்டது என்றே நினைத்து ஒயரைக் கழற்றினேன். கழற்றியதும் ஒயர் முனையில் 10 வோல்ட் வந்து நின்றது. திரும்ப மாட்டினால் விழுந்தது. டிரைவின் மூடிக்குள்ளே சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு, `AVI`, `ACI` என்று எழுதியிருக்கும். அதை `ACI` பக்கம் நானே தள்ளிவிட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்தால் டெர்மினலுக்குள் சில நூறு ஓம் ரெசிஸ்டர் வந்து உட்காரும். வோல்ட் அவுட்புட்டால் அத்தனை கரண்ட் கொடுக்க முடியாமல் சரிந்துவிடும். மாட்டினால் விழுகிறது, கழற்றினால் எழுகிறது என்றால் நேரே அந்த ஸ்விட்சைப் பாருங்கள்.

மட்டம் நிலையாக நிற்காமல் அலைபோல ஏறி இறங்கினால், `H`, `F`-க்குப் பின்னால் எவ்வளவு தூரம் தொங்குகிறது என்று கவனியுங்கள். பி.எல்.சி. வேகமாக மாற்றச் சொல்கிறது, டிரைவ் `01.09`, `01.10` நொடிகளால் மெதுவாக நகர்கிறது என்றால் இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். தொட்டியின் மட்டம் நிதானமாக மாறும் சங்கதி, ஆகவே பி.எல்.சி.யைத்தான் நிதானமாக்க வேண்டும். டிரைவின் நொடிகளை ஒன்றுக்குக் கொண்டுவந்தால் குழாயில் தண்ணீர் அடிக்கும் சத்தம்தான் மிச்சம்.

கடைசியாக, ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்

எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது `AVI` ஒயரைக் கழற்றினேன். எதிர்பார்த்தபடி பம்பு 35 ஹெர்ட்ஸுக்கு இறங்கி ஓடிக்கொண்டே இருந்தது. எந்த அலாரமும் இல்லை. 0–10 வோல்ட்டில் அறுந்த ஒயரும் உண்மையான 0 வோல்ட்டும் டிரைவுக்கு ஒன்றுதான். பகலில் கேன் நிரப்பும்போது தொட்டி மெல்ல வற்றும், ஆள் பார்த்துவிடுவார். இரவில் யாரும் தண்ணீர் எடுக்காதபோது அறுந்தால், 35 ஹெர்ட்ஸிலும் விடிய விடிய வழியும்.

பொட்டன்ஷியோமீட்டரை நிரந்தரமாக வைப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். `ACM`-க்குப் போகும் கால் விட்டுப்போனால் `+10V`-ல் இருந்து வரும் வோல்ட் இறங்க வழியில்லாமல் `AVI`-க்கே வரும். குமிழ் எங்கே இருந்தாலும் பம்பு முழு வேகத்தை ஒட்டி ஓடும்.

நான் செய்தது இதுதான்: மேல் தொட்டியில், மட்டம் அளக்கும் கருவிக்கு மேலே, தனியாக ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச். அதன் கான்டாக்டை பி.எல்.சி.க்குக் கொண்டுபோகாமல் `MI1` ஒயரிலேயே தொடராகப் போட்டேன். தண்ணீர் அங்கே தொட்டால் சிக்னல் என்ன சொன்னாலும், பி.எல்.சி. செத்தே போயிருந்தாலும் பம்பு நிற்கும். பிறகு `AVI` ஒயரைக் கழற்றியபடியே விட்டு, தொட்டி நிரம்பும் வரை மேலே ஏறி உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. ஃப்ளோட் நிமிர்ந்தது, `H` எட்டு நொடிக்குள் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. அதற்கு அப்புறம்தான் ஒயரைத் திரும்ப முறுக்கிவிட்டுப் பேனல் கதவைச் சாத்தினேன்.